அடுக்கு விதி எதன்மேல் நிற்கிறது? குறை அடுக்குகளும் பின்ன அடுக்குகளும்

xⁿ என்ற சார்பின் வகைக்கெழு n·xⁿ⁻¹ ஆகும். இதுவே அடுக்கு விதி. x²-க்கு 2x, x³-க்கு 3x², x⁵-க்கு 5x⁴ என்று, அடுக்கு முன்னால் வந்து பெருக்கும் எண்ணாக நிற்கிறது. அடுக்கிலிருந்து ஒன்று குறைகிறது. வகை நுண்கணிதம் கற்பவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளும் விதிகளில் இதுவும் ஒன்று. பெரும்பாலான பாடநூல்கள் n ஒரு மிகை முழு எண் என்று வைத்துக்கொண்டு இதை நிறுவுகின்றன. சில பக்கங்கள் கழிந்ததும் அதே விதி 1/x-க்கும் √x-க்கும் எடுத்தாளப்படுகிறது. 1/x என்பது x⁻¹, ஆகவே அதன் வகைக்கெழு −x⁻²; √x என்பது x^(1/2), ஆகவே அதன் வகைக்கெழு (1/2)·x^(−1/2). இரண்டு விடைகளும் சரியானவை. ஆனால் முன்பு தரப்பட்ட நிறுவல் இந்த இரண்டில் எதற்கும் பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதை அந்த நிறுவலைக் கூர்ந்து பார்த்தால் அறியலாம். (x+h)ⁿ என்பது (x+h) என்னும் அடைப்பை n முறை பெருக்கிய பெருக்கற்பலன். அதை விரிக்கும்போது, எல்லா அடைப்புகளிலிருந்தும் x-ஐ எடுத்தால் xⁿ கிடைக்கிறது. ஓர் அடைப்பிலிருந்து மட்டும் h-ஐயும் மற்றவற்றிலிருந்து x-ஐயும் எடுத்தால் xⁿ⁻¹·h கிடைக்கிறது. எந்த அடைப்பிலிருந்து h-ஐ எடுப்பது என்பதற்கு n வாய்ப்புகள் இருப்பதால் அந்த உறுப்பு n முறை வருகிறது. எஞ்சிய உறுப்புகள் எல்லாவற்றிலும் h² அல்லது அதற்கு மேற்பட்ட அடுக்கு இருக்கும். xⁿ-ஐக் கழித்து, h-ஆல் வகுத்து, h பூச்சியத்தை நெருங்கும்போது என்ன ஆகிறது என்று பார்த்தால் n·xⁿ⁻¹ மட்டும் நிற்கிறது.

இந்த நிறுவலில் n என்பது அடைப்புகளின் எண்ணிக்கை. அடைப்புகளை எண்ணித்தான் அது வருகிறது. அரை அடைப்பு என்றோ, ‘கழித்தல் மூன்று’ அடைப்புகள் என்றோ எதுவும் இல்லை. ஆகவே எண்ணிக்கை ஒன்றே இந்த விதியின் அடித்தளமாக இருந்திருந்தால், √x-க்கு அது பொருந்துவது விளக்கமில்லாத தற்செயலாகிவிடும். உண்மையில் எண்ணிக்கை இந்த விதிக்கு அடித்தளம் அன்று. அடுக்குகள் எந்தப் பெருக்கல் விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடக்கின்றனவோ அவைதான் அடித்தளம். அடைப்புகளை எண்ணுவது, முழு எண்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு குறுக்குவழி.

குறை அடுக்குக்கும் பின்ன அடுக்குக்கும் பொருள் எப்படி வந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வது தேவை. x³ என்பதற்கு மூன்று x-களைப் பெருக்குவது என்று பொருள். x^(1/2) என்பதற்கு அப்படி ஒரு பொருள் இயல்பாக இல்லை. அதை வரையறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வரையறுத்தவர்கள் மனம்போன போக்கில் வரையறுக்கவில்லை. xᵐ·xⁿ = xᵐ⁺ⁿ என்ற விதி முழு எண்களுக்கு உண்மை; அது எல்லா அடுக்குகளுக்கும் உண்மையாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தால், வேறு வழியே இல்லை. x^(1/2)-ஐ அதனோடே பெருக்கினால் x¹ வர வேண்டும். ஆகவே அது √x. x⁻¹-ஐ x-ஆல் பெருக்கினால் x⁰, அதாவது 1 வர வேண்டும். ஆகவே அது 1/x. x^(p/q) என்பது, q முறை தன்னோடே பெருக்கப்பட்டால் xᵖ ஆகும் மிகை எண். இந்த வரையறைகளிலிருந்து (xy)ⁿ = xⁿ·yⁿ என்ற இரண்டாவது விதியும் எல்லா அடுக்குகளுக்கும் கிடைத்துவிடுகிறது. இங்கு x, y ஆகியவை மிகை எண்கள். இந்தக் கட்டுப்பாடு ஏன் தேவை என்பது பின்னர் தெளிவாகும்.

இந்த இரண்டு விதிகளும் கையில் இருந்தால் அடுக்கு விதியை இரண்டு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். xⁿ⁻¹ எங்கிருந்து வருகிறது என்பது ஒரு கேள்வி. முன்னால் நிற்கும் n எங்கிருந்து வருகிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் விடைகள் தனித்தனியானவை.

முதல் கேள்விக்கு (xy)ⁿ = xⁿ·yⁿ விடை தருகிறது. x-ஐச் சிறிதளவு கூட்டுவதை, x-ஐ (1+h)-ஆல் பெருக்குவது என்று எண்ணிக்கொள்ளலாம். அப்போது x என்பது x+xh ஆகிறது. சார்பின் மதிப்பு xⁿ-லிருந்து xⁿ·(1+h)ⁿ ஆகிறது. சார்பில் ஏற்பட்ட மாற்றம் xⁿ·[(1+h)ⁿ − 1]. இதை x-இல் ஏற்பட்ட மாற்றமாகிய xh-ஆல் வகுத்தால் கிடைப்பது:

xⁿ⁻¹ · [(1+h)ⁿ − 1]/h

இதில் தோராயம் எதுவும் இல்லை. n எந்த எண்ணாக இருந்தாலும் இது துல்லியமான சமன்பாடு. அடைப்புக்குள் இருக்கும் பகுதியில் x வரவே இல்லை. h பூச்சியத்தை நெருங்கும்போது அது எந்த எண்ணை நெருங்குகிறதோ, அந்த எண்தான் x = 1 என்ற புள்ளியில் வளைவரையின் சாய்வு. ஆகவே x = 1-இல் சாய்வு தெரிந்துவிட்டால் எல்லாப் புள்ளிகளிலும் தெரிந்துவிடுகிறது: அதை xⁿ⁻¹-ஆல் பெருக்கினால் போதும். அடுக்கில் ஒன்று குறைவதற்குக் காரணமும் இங்கே கண்முன் நிற்கிறது. சார்பின் மாற்றத்தில் xⁿ காரணியாக வருகிறது. x-இன் மாற்றத்தில் x காரணியாக வருகிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்ததில் xⁿ⁻¹ எஞ்சியது. n மிகையா, குறையா, பின்னமா என்ற கேள்வியே இதில் எழவில்லை.

அடுத்த கேள்வி: x = 1-இல் சாய்வு என்ன? அதை s(n) என்று குறிக்கலாம். h மிகச் சிறியதாக இருக்கும்போது (1+h)ⁿ ஏறத்தாழ 1 + s(n)·h என்பதுதான் s(n)-இன் பொருள். இப்போது முதல் விதியாகிய xᵐ·xⁿ = xᵐ⁺ⁿ உதவுகிறது. (1+h)ᵐ, (1+h)ⁿ ஆகிய இரண்டையும் பெருக்கினால் 1 + [s(m)+s(n)]·h என்பதும், h² அளவிலான மிகச் சிறிய எச்சமும் வரும். ஆனால் அந்தப் பெருக்கற்பலன் (1+h)ᵐ⁺ⁿ அல்லவா? ஆகவே

s(m+n) = s(m) + s(n)

அடுக்குகளைக் கூட்டினால் சாய்வுகளும் கூடுகின்றன. வகைக்கெழுவின் பெருக்கல் விதி x = 1-இல் சொல்வதும் இதுவே. s(1) = 1 என்பது வெளிப்படை, ஏனெனில் x-இன் சாய்வு எங்கும் 1. இனி எல்லாம் இதிலிருந்து வந்துவிடுகின்றன. s(2) = 1+1 = 2, s(3) = 3 என்று முழு எண்கள் வருகின்றன. x⁰ மாறிலி என்பதால் s(0) = 0. அடுக்குகள் 1, −1 இரண்டும் கூடினால் 0; ஆகவே s(1) + s(−1) = 0, அதாவது s(−1) = −1. இரண்டு 1/2-கள் கூடினால் 1; ஆகவே s(1/2)-இன் இரு மடங்கு 1, அதாவது s(1/2) = 1/2. q எண்ணிக்கையிலான 1/q-கள் கூடினால் 1 என்பதால் s(1/q) = 1/q; அவற்றில் p-ஐக் கூட்டினால் s(p/q) = p/q.

முன்னால் நிற்கும் n எந்த எண்ணிக்கையையும் குறிக்க வேண்டியதில்லை என்பது இங்கு உறுதியாகிறது. x^(1/2)-இன் சாய்வு x = 1-இல் 1/2 ஆக இருப்பதற்குக் காரணம், அதையே அதனோடு பெருக்கினால் சாய்வு 1 உள்ள x வர வேண்டும் என்ற கட்டாயம். சமமான இரண்டு பங்குகள் சேர்ந்து 1 ஆக வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் அரைதான். பின்ன அடுக்கை வரையறுத்த நிபந்தனையே அதன் வகைக்கெழுவையும் தீர்மானித்துவிட்டது.

இந்த வாதத்தில் ஓர் இடைவெளி உண்டு; அதை மூடாமல் விடுவது நேர்மையாகாது. s(1/2) என்று ஓர் எண் இருந்தால் அது 1/2 தான் என்றுதான் இதுவரை காட்டப்பட்டது. அப்படி ஓர் எண் இருக்கிறதா, அதாவது [(1+h)^(1/2) − 1]/h உண்மையிலேயே ஏதாவது ஒரு மதிப்பை நெருங்குகிறதா என்பது காட்டப்படவில்லை. பல பாடநூல்களில் வரும் மற்றொரு நிறுவலிலும் இதே குறை ஒளிந்திருக்கிறது. y = x^(p/q) என்று வைத்து, y^q = xᵖ என்று எழுதி, இரு பக்கங்களையும் வகையிட்டு dy/dx-ஐக் கண்டுபிடிப்பார்கள். வேலை சுருக்கமாக முடிந்துவிடும். ஆனால் y வகையிடத்தக்கது என்று முதலிலேயே எடுத்துக்கொண்டுவிட்டுத்தான் அந்தக் கணக்கு தொடங்குகிறது.

இடைவெளியை மூடுவதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். (1+h)^(1/q) என்பதை t என்று அழைத்தால், 1+h என்பது t^q. h என்பது t^q − 1. (1+h)^(p/q) என்பது tᵖ. ஆகவே நமக்கு வேண்டிய விகிதம்

(tᵖ − 1)/(t^q − 1)

பின்ன அடுக்கு முழுவதுமாக மறைந்து, இரண்டு முழு எண் அடுக்குகள் மட்டும் எஞ்சிவிட்டன. தொகுதி, பகுதி இரண்டிலும் (t−1) என்ற காரணி உண்டு. அதை நீக்கினால், மேலே 1 + t + t² + … + tᵖ⁻¹ என்று p உறுப்புகள். கீழே 1 + t + t² + … + t^(q−1) என்று q உறுப்புகள். t ஒன்றை நெருங்கும்போது ஒவ்வோர் உறுப்பும் ஒன்றை நெருங்குகிறது. விகிதம் p/q-ஐ நெருங்குகிறது. h பூச்சியத்தை நெருங்கும்போது t ஒன்றை நெருங்குமா என்று ஐயம் எழுந்தால், h = (t−1)(1 + t + … + t^(q−1)) என்பதைப் பார்த்தால் போதும். இரண்டாவது காரணி ஒன்றுக்குக் குறையாது. ஆகவே t−1-இன் அளவு எப்போதும் h-இன் அளவைவிடப் பெரியதாக இருக்க முடியாது. h சுருங்கினால் அதுவும் சுருங்கியே தீரும். அடுக்கு −p/q என்றால், t⁻ᵖ − 1 என்பதை −t⁻ᵖ·(tᵖ − 1) என்று எழுதலாம். t⁻ᵖ ஒன்றை நெருங்குவதால் விடை −p/q. முழு எண், குறை எண், பின்னம் ஆகிய எல்லா அடுக்குகளும் இந்த ஒரே விகிதத்தில் அடங்கிவிடுகின்றன. அடைப்புகளை எண்ணுவதும் மறைமுகமாக இங்கே திரும்பி வந்திருக்கிறது: p-ஐ ஒரு முறையும் q-ஐ ஒரு முறையும் எண்ணி, இரண்டையும் வகுக்கிறோம்.

√2 போன்ற விகிதமுறா எண் அடுக்காக வந்தால் என்ன செய்வது? x^√2 என்பதை x^1.4, x^1.41, x^1.414 என்று நெருங்கிக்கொண்டே போய்த்தான் வரையறுக்கிறோம். 1+h ஒன்றைவிடப் பெரியதாக இருந்தால், அடுக்கு கூடக் கூட மதிப்பும் கூடுகிறது. ஆகவே (1+h)^√2 என்பது (1+h)^1.41, (1+h)^1.42 ஆகியவற்றின் நடுவே இருக்கிறது. ஒன்றைக் கழித்து h-ஆல் வகுத்த பிறகும் அந்த வரிசை மாறாது. h குறைநிலையில் இருந்தால் மதிப்புகளின் வரிசை தலைகீழாகும். ஆனால் குறை எண்ணால் வகுக்கும்போது மீண்டும் ஒருமுறை தலைகீழாகிப் பழைய வரிசைக்கே வந்துவிடும். இரு பக்கத்திலும் இருக்கும் விகிதங்கள் 1.41-ஐயும் 1.42-ஐயும் நெருங்குவதால், நடுவில் உள்ளது அந்த இடைவெளியை விட்டு வெளியே போக முடியாது. அதேபோல் 1.414-க்கும் 1.415-க்கும் இடையிலும், அதைவிடக் குறுகிய எந்த இடைவெளியிலும் அது சிக்கிக்கொள்கிறது. இந்த எல்லா இடைவெளிகளிலும் ஒருசேர இருக்கும் எண் √2 ஒன்றே.

மேல்வகுப்புகளில் இதற்குச் சுருக்கமான வழி ஒன்று காட்டப்படும். xⁿ-ஐ e^(n·ln x) என்று எழுதி, சங்கிலி விதியைப் பயன்படுத்தினால், e^(n·ln x)·(n/x) என்று வந்து, ஒரே வரியில் n·xⁿ⁻¹ கிடைத்துவிடும். மடக்கையும் அடுக்குக்குறிச் சார்பும் அடுக்கு விதியைத் துணைக்கொள்ளாமல் தனியே நிறுவப்பட்டிருந்தால் இது முழுமையான நிறுவல். மாறாக, பின்ன அடுக்குக்கான முடிவிலா ஈருறுப்புத் தொடரிலிருந்து அடுக்கு விதியை வருவித்துவிட்டு, அந்தத் தொடரையே டெய்லர் தொடராக, அதாவது அடுக்கு விதியைக் கொண்டே நிறுவியிருந்தால், நிறுவல் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. ஒரு நூலில் இந்தச் சுற்று இருக்கிறதா என்று அறிய, வகைக்கெழு முதன்முதலாக எந்த இடத்தில் எல்லையாகக் கணக்கிடப்படுகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

வரலாற்றில் இந்த விரிவாக்கம் நிறுவலால் வரவில்லை. துணிவான ஊகத்தால் வந்தது. ஆங்கிலேயரான ஜான் வாலிஸ் 1656-இல் வெளியிட்ட ‘அரித்மெட்டிக்கா இன்ஃபினிட்டோரம்’ என்ற நூலில், முழு எண் அடுக்குகளுக்குத் தெரிந்திருந்த பரப்புச் சூத்திரம் பின்ன அடுக்குகளுக்கும் பொருந்தும் என்று இடைப்பட்ட மதிப்புகளை ஊகித்து எழுதினார். அதை 1664–65 குளிர்காலத்தில் படித்த இளைஞர் நியூட்டன், அதே ஊகத்தை ஈருறுப்பு விரிவுக்குக் கொண்டுபோய், (1−x²)^(1/2) என்பதற்கு ஒரு முடிவிலாத் தொடரைக் கண்டார். 1676-இல் ஓல்டன்பர்க் வழியாக லைப்னிட்ஸுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், அது சரிதானா என்று தாம் சோதித்த விதத்தையும் சொல்கிறார்: அந்தத் தொடரை அதனோடே பெருக்கினார், 1−x² மட்டும் நின்று, மற்ற உறுப்புகள் எல்லாம் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டன. இது s(1/2)+s(1/2) = 1 என்ற வாதத்தோடு உறவுடைய சோதனை. அரை அடுக்கு எதுவென்று அறிய அதை இரட்டித்துப் பார்ப்பதுதான் வழி என்பது அன்றே நியூட்டனுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தொடர் எப்போது குவிகிறது என்பதை ஏபெல் 1826-இல்தான் கறாராக நிறுவினார்.

லைப்னிட்ஸ் 1684 அக்டோபரில் ‘ஆக்டா எருடிட்டோரம்’ இதழில் தம் வகை நுண்கணிதத்தை முதன்முதலாக அச்சில் வெளியிட்டபோது, பின்னங்களாலும் விகிதமுறா அளவுகளாலும் தடைபடாத முறை என்று தலைப்பிலேயே குறிப்பிட்டார். அவருக்கு முந்தைய தொடுகோட்டு முறைகளில், மூலக்குறி வந்தால் முதலில் சமன்பாட்டை வர்க்கப்படுத்தி அதை அகற்றிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டியிருந்தது. அடுக்கு எதுவானாலும் ஒரே விதி என்பது அன்று அவ்வளவு பெரிய விடுதலை.

விதியை n·xⁿ⁻¹ என்று எழுதுவதைவிட, அதன் உட்பொருள் துலங்குமாறு வேறு விதமாகவும் சொல்லலாம். x-இல் மிகச் சிறிய விழுக்காட்டு மாற்றம் ஏற்பட்டால், xⁿ-இல் அதைப்போல n மடங்கு விழுக்காட்டு மாற்றம் ஏற்படுகிறது. (1+h)ⁿ ஏறத்தாழ 1+nh என்பதற்கு இதுதான் பொருள். இயற்பியலில் குறை அடுக்குகளும் பின்ன அடுக்குகளும் ஒருசேர வரும் இடம் ஒன்றை எடுத்துக்கொண்டால் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளின் வட்டப்பாதை அப்படிப்பட்ட இடம். பூமியின் மையத்திலிருந்து அதன் தொலைவு a என்றால், அதன் மேல் செயல்படும் ஈர்ப்பு a⁻²-க்கும், அதன் வேகம் a^(−1/2)-க்கும், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் a^(3/2)-க்கும் நேர்விகிதத்தில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது கெப்ளர் 1619-இல் வெளியிட்ட மூன்றாம் விதி.

பூமியின் மையத்திலிருந்து 6780 கி.மீ. தொலைவில் சுற்றும் செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். அது தரையிலிருந்து ஏறக்குறைய 400 கி.மீ. உயரத்தில் இருக்கும், பன்னாட்டு விண்வெளி நிலையமும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் சுற்றுகிறது. அதன் வேகம் விநாடிக்கு 7.667 கி.மீ.; ஒரு சுற்றுக்கு 5556 விநாடிகள், அதாவது சுமார் 92.6 நிமிடங்கள் ஆகின்றன. இப்போது பாதையை 10 கி.மீ. உயர்த்தினால் a-இல் ஏற்படும் மாற்றம் 0.1475 விழுக்காடு. ஈர்ப்பில் அதைப்போல −2 மடங்கு: 0.295 விழுக்காடு குறைகிறது. வேகத்தில் −1/2 மடங்கு: 0.0737 விழுக்காடு, அதாவது விநாடிக்கு சுமார் 5.65 மீட்டர் குறைகிறது. சுற்றும் நேரத்தில் 3/2 மடங்கு: 0.2212 விழுக்காடு, அதாவது 12.29 விநாடி கூடுகிறது. முழுச் சூத்திரத்தில் 6790-ஐ இட்டு நேரடியாகக் கணக்கிட்டால் 12.30 விநாடி வருகிறது. வேறுபாடு விநாடியின் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அந்த மிகச் சிறிய வேறுபாடு h² அளவிலான எச்சத்திலிருந்து வருவது.

இதே கணக்கில் s(m+n) = s(m)+s(n) என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு சுற்றின் நீளம் 2πa, அது 0.1475 விழுக்காடு கூடியிருக்கிறது. வேகம் 0.0737 விழுக்காடு குறைந்திருக்கிறது. நேரம் என்பது நீளத்தை வேகத்தால் வகுத்தது. ஆகவே நீளம் கூடியதும் வேகம் குறைந்ததும் ஒன்றுசேர்ந்து நேரத்தைக் கூட்டுகின்றன: 0.1475 + 0.0737 = 0.2212. அடுக்குகளின் மொழியில் இது 1 − (−1/2) = 3/2. கெப்ளரின் விதியில் வரும் ஒன்றரை, இப்படி ஒன்றும் அரையும் சேர்ந்ததால் வந்தது.

இனி, விதி எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மேலே உள்ள வாதம் முழுவதும் x மிகை எண் என்ற நிபந்தனையில் நடந்தது. x = 0 என்ற புள்ளியை எதனால் பெருக்கினாலும் அது நகராது; ஆகவே x = 1-இல் கிடைத்த சாய்வை அங்கே கொண்டுபோக முடியாது. அந்தப் புள்ளியைத் தனியே ஆராய வேண்டும். x^(4/3)-க்கு அங்கே சாய்வு 0, சிக்கல் இல்லை. √x-க்குத் தொடுகோடு செங்குத்தாகிவிடுகிறது, வகைக்கெழு இல்லை. x^(2/3)-இன் வளைவரை அங்கே கூர்முனையாகிறது. x⁻¹ அங்கே வரையறுக்கப்படவே இல்லை. n·xⁿ⁻¹ என்ற விடையில் 0-ஐ இட்டுப் பார்த்து, பகுதியில் பூச்சியம் வந்தால், அங்கே நிற்க வேண்டும் என்று அறிந்துகொள்ளலாம்.

x குறை எண்ணாக இருந்தால் சிக்கல் வேறு விதமானது. −8-இன் கனமூலம் −2 என்பதால் (−8)^(1/3) = −2 என்று எழுதத் தோன்றும். ஆனால் 1/3-ஐ 2/6 என்றும் எழுதலாம். −8-ஐ வர்க்கமாக்கினால் 64, அதன் ஆறாம் படிமூலம் +2. ஒரே அடுக்குக்கு இரண்டு விடைகள். xᵐ·xⁿ = xᵐ⁺ⁿ என்ற விதி எதன்மேல் நிற்கிறதோ அந்தத் தரையே இங்கு நழுவிவிடுகிறது. கணினி மொழிகள் இந்த இடத்தில் வேறு முடிவெடுக்கின்றன. பைத்தான் மொழியில் இப்படி எழுதினால்,

```python
>>> (-8) ** (1/3)
(1.0000000000000002+1.7320508075688772j)
```

−2-க்குப் பதில் ஒரு கலப்பெண் வருகிறது. ஒற்றை எண் மூலங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னத்தை எளிய வடிவில் எழுதி, கனமூலம் என்றே தெளிவாக வரையறுத்துக்கொண்டால், குறை எண்களுக்கும் அடுக்கு விதி சரியாகவே வரும். t-ஐ வைத்துச் செய்த கணக்கு அங்கும் செல்லும். அப்படித் தெளிவுபடுத்தாமல் எழுதுவதுதான் பிழைக்கு வழி.

மாணவர் விடைத்தாள்களில் அடிக்கடி தென்படும் பிழைகள் இரண்டு. x⁻²-இன் வகைக்கெழுவை −2x⁻¹ என்று எழுதுவது ஒன்று. −2-இலிருந்து ஒன்றைக் கழித்தால் −3 என்பதற்குப் பதில் −1 என்று போய்விடுகிறார்கள். விடையை x-ஆல் பெருக்கினால் மூலச் சார்பின் n மடங்கு திரும்பி வர வேண்டும் என்பதை வைத்து இதைப் பிடித்துவிடலாம். −2x⁻¹-ஐ x-ஆல் பெருக்கினால் −2 என்ற மாறிலிதான் வருகிறது. −2x⁻³-ஐப் பெருக்கினால் −2x⁻² சரியாக வருகிறது. மற்றொரு பிழை, 2ˣ-க்கு x·2ˣ⁻¹ என்று எழுதுவது. அங்கே மாறுவது அடுக்கு. அடிமானம் நிலையாக நிற்கிறது. அதற்கு (xy)ⁿ = xⁿ·yⁿ எந்த உதவியும் செய்யாது. x = 0-ஐ இட்டால் அந்தத் தவறான விடை 0 என்கிறது; 2ˣ-இன் வளைவரையோ அந்த இடத்தில் 0.693 சாய்வோடு ஏறிக்கொண்டிருக்கிறது.

எல்லா அடுக்குகளுக்கும் பொருந்தும் இந்த விதி விட்டுச்செல்லும் வெற்றிடம் ஒன்றும் உண்டு. வகைக்கெழுவில் x⁻¹ வர வேண்டுமானால் மூலச் சார்பின் அடுக்கு 0 ஆக இருக்க வேண்டும். ஆனால் அப்போது முன்னால் நிற்கும் n-உம் 0 ஆகி எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. ஆகவே எந்த அடுக்குச் சார்பின் வகைக்கெழுவும் 1/x ஆகாது. பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா பின்ன, குறை அடுக்குகளைக் கொண்ட வளைவரைகளுக்கெல்லாம் பரப்பு கண்டபோதும் இந்த ஒன்றில் மட்டும் அவருடைய முறை நின்றுபோனது. 1/x-இன் கீழுள்ள பரப்பு மடக்கையைப் போல நடந்துகொள்வதற்கான வழியைச் செயின்ட் வின்சென்டின் கிரிகோரி 1647-இல் வெளியிட்ட நூல் திறந்தது. அதை மடக்கை என்று 1649-இல் அடையாளம் காட்டியவர் டி சராசா.